பத்து விரல்களும் திரும்பி வந்த கதை: நீண்ட படைப்புகளின் பிற்பகுதி முரண்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கதையின் கடைசியில் முன்னுக்குப் பின் முரணாக ஒன்று வந்தால், அது இயந்திரம் எழுதியது என்று சொல்லிவிடலாமா?

ஒரு முரணை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. குறுநாவல் போட்டிகளுக்கு வரும் கையெழுத்துப் படிகளை முதல் சுற்றில் வாசிப்பது பல ஆண்டுகளாக என் வேலை. செயற்கை நுண்ணறிவு புழக்கத்துக்கு வராத காலத்திலும், முரணே இல்லாத படி என் கைக்கு அரிதாகத்தான் வந்தது. ஆகவே முரணைக் கண்டதும் மூன்று விஷயங்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்: எந்த விவரம் மறக்கப்பட்டது, அது சொல்லப்பட்ட இடத்திலிருந்து எவ்வளவு தூரத்தில் மறக்கப்பட்டது, மறந்த பிறகு கதை எந்தப் பக்கம் சாய்ந்தது.

இவற்றில் மூன்றாவதுதான் அதிகம் பேசும். மொழி மாதிரி, அதாவது உரை எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவு, எழுதிய நீண்ட கதையில், அந்தக் கதைக்கே உரிய வித்தியாசமான விவரம் கழன்றுபோய், எந்தக் கதைக்கும் பொருந்தக்கூடிய பொதுவான விவரம் அதன் இடத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. மனிதர் மறக்கும்போது சாய்வு இப்படி ஒரே பக்கமாக இருப்பதில்லை. ஒரு வித்தியாசமான விவரத்தை மறந்து, அதைவிட வித்தியாசமான இன்னொன்றை எழுதிவிடுகிறவர்களும் உண்டு.

இயந்திரம் ஏன் மறக்கிறது? முன்பு எழுதியதெல்லாம் அதன் முன்னால்தானே இருக்கிறது?

எல்லாம் இருக்கும் என்று சொல்ல முடியாது. மொழி மாதிரி தனக்குக் கொடுக்கப்பட்ட உரையையும், தான் அதுவரை எழுதியதையும் பார்த்து அடுத்த துண்டைத் தேர்ந்தெடுக்கிறது. அந்தத் துண்டை டோக்கன் என்கிறார்கள். ஒரு நேரத்தில் எத்தனை டோக்கன்களைப் பார்க்க முடியும் என்பதற்கு ஓர் எல்லை உண்டு. 2019-இல் வந்த ஜிபிடி-2 மாதிரிக்கு அந்த எல்லை 1,024 டோக்கன். 2020-இல் வந்த ஜிபிடி-3-க்கு 2,048. கதை அந்த எல்லையைத் தாண்டி நீளும்போது அதன் தொடக்கம் பார்வைக்கு வெளியே போய்விடுகிறது. போனது போனதுதான், நமக்கு வருவதைப் போல மங்கலான ஞாபகமாகக்கூட அது திரும்ப வராது.

எல்லைக்குள் இருப்பதையும் மாதிரி சமமாகக் கவனிப்பதில்லை. நீண்ட உரையின் தொடக்கத்திலும் முடிவிலும் இருக்கும் தகவலை மாதிரிகள் நன்றாகப் பயன்படுத்துகின்றன, நடுவில் இருப்பதைக் கோட்டை விடுகின்றன என்பதை 2023-இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. தேவையான ஆவணத்தைப் பல ஆவணங்களுக்கிடையே வெவ்வேறு இடங்களில் வைத்துக் கேள்வி கேட்டுப் பார்த்தபோது, அது நடுவில் இருந்தால் சரியான விடை கிடைப்பது குறைந்தது.

மூன்றாவது காரணம்தான் என் வேலைக்கு மிகவும் பயன்படுகிறது. “இந்தப் பெண்ணுக்கு இடது கையில் இரண்டு விரல் இல்லை” என்று தனியாகக் குறித்து வைத்துக்கொள்ளும் பேரேடு எதுவும் மாதிரிக்குள் கிடையாது. அந்தச் செய்தி முன்பு எழுதப்பட்ட ஒரு வாக்கியமாக எங்கோ இருக்கிறது, அவ்வளவுதான். கோயில் காட்சி வரும்போது “கைகூப்பி”, “விரல்களைக் கோத்து” என்ற தொடர்கள் ஆயிரக்கணக்கான கதைகளில் வந்த பழக்கத்தின் பலத்தோடு வந்து நிற்கின்றன. எங்கோ நாலாயிரம் சொற்களுக்கு முன்னால் ஒரே ஒரு முறை சொல்லப்பட்ட வாக்கியம் அந்தப் பலத்தை எதிர்த்து நிற்க வேண்டும். பல நேரங்களில் நிற்கிறது. கதை நீள நீளத் தோற்பதும் நடக்கிறது.

ஒரு முறை தோற்றுவிட்டால் அடுத்து நடப்பதையும் கவனிக்க வேண்டும். தவறாக எழுதிய வாக்கியமும் இப்போது உரையின் ஒரு பகுதி ஆகிவிடுகிறது. அதுதான் அருகில் இருப்பதும்கூட. எனவே அடுத்தடுத்த பத்திகள் அந்தத் தவற்றையே உண்மையாக எடுத்துக்கொண்டு நடக்கின்றன.

தமிழில் எழுதினால் இந்த மறதி சீக்கிரம் வருமா?

பழைய மாதிரிகளில் நிச்சயமாகச் சீக்கிரம் வந்தது, காரணம் எழுத்துகளைக் கணக்கிடும் முறையில் இருக்கிறது. கணினிகள் எழுத்துகளைக் குறிக்கும் பொது முறையான யூனிகோடில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும், யூடிஎஃப்-8 என்ற சேமிப்பு முறையில், மூன்று பைட் எடுத்துக்கொள்கிறது; பைட் என்பது கணினி நினைவகத்தின் சிறிய அலகு. “கொடி” என்ற சிறிய சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். கணினிக்கு அது க, ஒகரக் குறி, ட, இகரக் குறி என நான்கு குறியீடு, அதாவது 12 பைட். பைட்டுகளிலிருந்து டோக்கன்களை உருவாக்கும் மாதிரி ஒன்று தமிழை அதிகம் பார்க்காமல் பயிற்சி பெற்றிருந்தால், இந்த ஒரு சொல்லுக்கே அதிகபட்சமாக 12 டோக்கன் வரை செலவாகலாம். அந்த மோசமான கணக்கில், சொல்லிடைவெளியையும் சேர்த்தால், 1,024 டோக்கன் எல்லைக்குள் இப்படிப்பட்ட சிறு சொற்கள் சுமார் 80 மட்டுமே அடங்கும். ஆங்கிலத்தில் அதே எல்லைக்குள் பல நூறு சொற்கள் அடங்கின. பின்னால் வந்த மாதிரிகளில் எல்லையும் பெரிதாகிவிட்டது, தமிழுக்கான டோக்கன்களும் சீரடைந்துவிட்டன; ஆனாலும் பல மாதிரிகளில் ஒரே கதை ஆங்கிலத்தைவிடத் தமிழில் கூடுதல் இடத்தை அடைத்துக்கொள்கிறது.

எல்லோரும் பார்க்கக்கூடிய ஓர் உண்மையான உதாரணம் இருக்கிறதா?

இருக்கிறது. 2019 பிப்ரவரியில் ஜிபிடி-2-ஐ அறிமுகப்படுத்தியபோது அதை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே சில எடுத்துக்காட்டு உரைகளை வெளியிட்டது. அவற்றில் பெயர் பெற்றது ஒற்றைக்கொம்புக் குதிரைகளைப் பற்றிய செய்தி. ஆண்டீஸ் மலைப் பள்ளத்தாக்கில் ஒற்றைக்கொம்புக் குதிரைக் கூட்டம் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள், அவை நல்ல ஆங்கிலம் பேசின என்ற தொடக்கத்தை மனிதர்கள் கொடுத்தார்கள். மீதியை மாதிரி எழுதியது. பத்து முறை எழுத வைத்து எடுத்த உரை அது என்பதையும் அவர்களே அங்கே குறிப்பிட்டிருந்தார்கள்.

மாதிரி எழுதத் தொடங்கிய உடனேயே, அந்த விலங்குகளுக்கு அவற்றின் தனித்துவமான கொம்பை ஒட்டிப் பெயர் வைத்ததாக ஒரு வாக்கியம் வருகிறது. அடுத்த வாக்கியத்தில் அவை நான்கு கொம்புள்ள ஒற்றைக்கொம்புக் குதிரைகள் ஆகிவிடுகின்றன. சிறிது தள்ளி, விலங்குகளை வானிலிருந்தே பார்க்க முடிந்தது என்றும், கொம்பைத் தொடும் அளவுக்கு அவை பக்கத்தில் இருந்தன என்றும் ஒரே வாக்கியம் சொல்கிறது. இன்னும் கீழே, அந்தப் பகுதிக்கு மனிதர்கள் வருவதற்கு முன்பே அங்கு வாழ்ந்த மனித இனம் ஒன்று பேசப்படுகிறது.

இதை வாசிப்பவர்கள் பலர் முதல் முறை இவற்றில் ஒன்றையும் கவனிப்பதில்லை. ஒவ்வொரு வாக்கியமும் செய்தித்தாள் நடையில் சரளமாக ஓடுவதால் கண் வழுக்கிக்கொண்டு போகிறது. நடை எங்கும் தடுமாறாமல் பொருள் மட்டும் தடுமாறுவதுதான் கவனிக்க வேண்டிய சேர்க்கை. மனிதர் எழுதும்போது, தன் கதையின் பிடி தளர்ந்த இடத்தில் பெரும்பாலும் நடையும் தளர்ந்துவிடும்: வாக்கியம் இழுக்கும், ஒரே சொல் திரும்பத் திரும்ப வரும், அவசரம் தெரியும்.

நீண்ட தமிழ்க் கதையில் இது எப்படித் தெரியும்?

இதை நானே ஒரு முறை செய்து பார்த்தேன். தூத்துக்குடி உப்பளத்தில் வேலை செய்யும் செல்லக்கனி என்ற பெண்ணின் கதையை, ஒவ்வொன்றும் சுமார் 700 சொற்கள் கொண்ட பத்துப் பகுதிகளாக ஒரு மாதிரியிடம் கேட்டு வாங்கினேன். முதல் பகுதியில் மூன்று விவரங்கள் இடம்பெற வேண்டும் என்று சொல்லியிருந்தேன். ஐஸ் கம்பெனி இயந்திரத்தில் மாட்டி அவளுடைய இடது கையில் மோதிர விரலும் சுண்டுவிரலும் போய்விட்டன. அவளை வளர்த்தவள் அம்மாவின் தங்கை சிவகாமி. இறந்துபோன அப்பாவின் வானொலி ஒன்று வீட்டில் இருக்கிறது. அது பாடாது, ஆனாலும் யாரும் அதைத் தூக்கிப் போட மாட்டார்கள். அதற்குப் பிறகு எதையும் நினைவூட்டாமல், “அடுத்த பகுதி” என்று மட்டும் கேட்டுக்கொண்டே போனேன்.

நான்காம் பகுதி வரை எல்லாம் ஒழுங்காக இருந்தன. ஐந்தாம் பகுதியில் விரல்களைப் பற்றிப் பேச்சே இல்லை; அவள் அன்று முழுவதும் உப்பு வாரிக்கொண்டிருந்தும், குறைபட்ட கையால் பலகைக் கம்பைப் பிடிப்பது எப்படி என்று ஒரு சொல் கிடையாது. ஆறாம் பகுதியில் அவள் பனிமய மாதா கோயிலுக்குப் போய், பத்து விரல்களையும் கோத்துக்கொண்டு வேண்டினாள். ஏழாம் பகுதியில் அந்த வானொலி புயல் எச்சரிக்கை வாசித்தது. அந்த இடம் எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது, ஏனென்றால் பாடாத வானொலி என்பதுதான் அந்த வீட்டின் துக்கம். அதைப் பாட வைத்ததோடு கதைக்குள் இருந்த அப்பாவும் இல்லாமல் போய்விட்டார்.

ஒன்பதாம் பகுதியில் நடந்தது தமிழ் வாசகர் யாரையும் நிமிர்ந்து உட்கார வைக்கும். அதுவரை சித்தியாக இருந்த சிவகாமி, அந்தப் பகுதியின் இரண்டாம் பத்தியில் அத்தை ஆனாள். அத்தை ஆனதும், முன்பு தம்பியாக வந்துபோன அவளுடைய மகன் முறை மாப்பிள்ளையாகிவிட்டான். பத்தாம் பகுதியில் இருவருக்கும் கல்யாணப் பேச்சு. சித்தி மகன் தம்பி முறை, அத்தை மகன் கட்டிக்கொள்ளும் முறை என்பது தமிழ் வீட்டில் பிறந்த யாருக்கும் எழுதித் தெரிய வேண்டியதில்லை. ஊர்ப் பெயரைத் தவறாக எழுதும் எழுத்தாளர் இதைத் தவறாக எழுத மாட்டார், ஏனென்றால் முறை என்பது அவர் தகவலாகக் கற்றுக்கொண்ட ஒன்றாக இல்லாமல் அவர் வளர்ந்த வீட்டின் பேச்சாக இருக்கிறது. தமிழ்க் கதைகளில் நான் முதலில் குறித்துக்கொள்வது உறவுமுறைகளைத்தான். அடுத்தபடியாக, யார் யாரை நீ என்கிறார்கள், யாரை நீங்கள் என்கிறார்கள் என்பதையும், தொடக்கத்தில் “அம்மா வந்தாள்” என்றிருந்தது பின்னால் “அம்மா வந்தார்” ஆகிறதா என்பதையும் பார்க்கிறேன்.

எது மறக்கப்படவில்லை என்பதும் அந்தச் சோதனையில் தெரிந்தது. செல்லக்கனி என்ற பெயர், உப்பளம், வெயில், சிவகாமி என்ற பெயர் ஆகியவை கடைசி வரை நிலைத்தன. அவை ஒவ்வொரு பகுதியிலும் திரும்பத் திரும்ப வந்து புதுப்பிக்கப்பட்டுக்கொண்டே இருந்தன. ஒரே ஒரு முறை சொல்லப்பட்டுப் பிறகு பேசப்படாமல் கிடந்தவைதான் கழன்றன.

மழைக்காலத்தில் உப்பு வாருவதாகக் கதையில் வருகிறது. அதையும் இந்தக் கணக்கில் சேர்க்கலாமா?

தனியாக வையுங்கள். என் சோதனையில் எட்டாம் பகுதியும் அப்படித்தான் வந்தது: ஐப்பசி அடைமழையில் செல்லக்கனி உப்பு வாரிக்கொண்டிருந்தாள். வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் தூத்துக்குடி உப்பளங்களில் உற்பத்தி நின்றுவிடும். ஆனால் இது கதை தன்னோடு முரண்படும் இடம் அன்று. உலகத்தோடு முரண்படும் இடம். ஜிபிடி-2 சில நேரங்களில் தண்ணீருக்கு அடியில் தீ எரிவதாக எழுதுகிறது என்று அதை உருவாக்கியவர்களே அறிமுகத்தின்போது ஒப்புக்கொண்டிருந்தார்கள். அதுவும் இந்த வகைதான். உப்பளத்தைக் கண்ணால் பார்த்திராத சென்னைக்காரர் ஒருவரும் இதே தவற்றைச் செய்யக்கூடும். தான் எழுதியதைத் தானே மறுப்பதற்கு ஊர் தெரியாமை காரணமாக முடியாது என்பதால், உள்முரணுக்கு நான் கூடுதல் மதிப்புக் கொடுக்கிறேன்.

பெரிய எழுத்தாளர்களே மறந்திருக்கிறார்களே. வித்தியாசத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

மறந்திருக்கிறார்கள். ஷெர்லக் ஹோம்ஸின் நண்பர் வாட்சனுக்கு 1887-இல் வந்த முதல் நாவலில் தோளில் குண்டுக்காயம். 1890-இல் வந்த இரண்டாம் நாவலில் காயம் காலுக்குப் போய்விட்டது. 1605-இல் வந்த, செர்வாண்டிஸின் ‘டான் கிஹோட்டே’ நாவலின் முதல் பாகத்தில் நாயகனின் உதவியாளன் சாஞ்சோவின் கழுதை திருட்டுப் போகிறது, அது திரும்பக் கிடைத்ததாகச் சொல்லாமலே அவன் மறுபடி அதன் மேல் ஏறிப் போகிறான்.

ஆனால் இந்த இரண்டிலும் காரணத்தைத் தொட்டுப் பார்க்க முடிகிறது. வாட்சனின் இரண்டு காயங்களும் வெவ்வேறு புத்தகங்களில், சில ஆண்டு இடைவெளியில் எழுதப்பட்டவை. கழுதை விஷயத்தில் செர்வாண்டிஸ் 1615-இல் வந்த இரண்டாம் பாகத்தில் கதாபாத்திரங்களையே அந்தத் தவற்றைப் பற்றிப் பேச வைத்தார். மனிதர் செய்த முரணுக்குப் பின்னால் இப்படி ஒரு வரலாறு இருக்கும்: நீண்ட இடைவெளி, பாதியில் மாற்றிய பெயர், இடம் மாற்றி ஒட்டிய அத்தியாயம், வெட்டி எறிந்த பத்தி.

இந்த வரலாறு முரண்பாட்டின் வடிவத்திலேயே தெரிந்துவிடுவதும் உண்டு. ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவரின் படியில் அண்ணன் பெயர் ராமசாமி. மூன்றாம் அத்தியாயத்தில் ஒரு பத்தியிலும் பதினொன்றாம் அத்தியாயத்தில் ஒரு பத்தியிலும் மட்டும் முத்துசாமி. இரண்டு பத்திகளுக்கும் பிறகு பெயர் மறுபடி ராமசாமி ஆகிவிடுகிறது. முதலில் சொந்த அண்ணனின் பெயரையே வைத்திருந்ததாகவும், வீட்டில் வருத்தப்படுவார்களோ என்று பிறகு மாற்றியதாகவும், இரண்டு இடங்களில் மாற்றத் தவறியதாகவும் அவர் சொன்னார். திருத்தும்போது விட்டுப்போன முரண் இப்படித் தீவுகளாகக் கிடக்கும். மாதிரி எழுதியதில் என் கதையின் சிவகாமியைப் போல ஓர் இடத்தில் திரும்பி, அதற்குப் பிறகு பெரும்பாலும் புதிய பாதையிலேயே போய்விடும்.

இதை விதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆறு மாதம் எழுதாமல் இருந்துவிட்டு மறுபடி தொடங்கிய மனிதரின் கதையும் ஓர் இடத்தில் திரும்பி, புதிய பாதையிலேயே போகும். நம்பத்தகாதவராக வேண்டுமென்றே படைக்கப்பட்ட கதைசொல்லியும் உண்டு. அந்தக் கதையில் முரண்தான் விஷயம், எழுதியவர் எங்காவது அதற்கு ஒரு சாடை வைத்திருப்பார்.

நான் வாசிக்கும் படியில் இதைச் சோதிக்க என்ன செய்ய வேண்டும்?

கதையின் முதல் மூன்றில் ஒரு பங்கை வாசிக்கும்போது பக்கத்தில் ஒரு தாள் வைத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் எழுதினால் அலுத்துப்போகும். வேறொரு கதைக்கு எடுத்துப் போனால் பொருந்தாத விவரங்களை மட்டும் எழுதுங்கள். “வீட்டில் முருங்கை மரம்” என்பது எந்த வீட்டுக்கும் பொருந்தும், விடுங்கள். “இடிந்த பக்கம் சாக்குத் தொங்கவிட்ட வீடு” என்றால் எழுதிக்கொள்ளுங்கள். 7,000 சொற்கள் கொண்ட கதையில் எனக்கு வழக்கமாகப் பதினைந்து, இருபது விவரங்கள் கிடைக்கும். ஒவ்வொன்றுக்கும் எதிரில் அது முதலில் வந்த பக்கத்தைக் குறியுங்கள்.

பிறகு நடுப்பகுதியை வழக்கம்போல் வாசித்துவிட்டு, கடைசி மூன்றில் ஒரு பங்கைத் தாளோடு வாசியுங்கள். ஒவ்வொரு விவரமும் காப்பாற்றப்பட்டதா, பேசப்படாமலே போனதா, மறுக்கப்பட்டதா என்று குறியுங்கள். பேசப்படாமல் போனவற்றை அற்பமாக நினைக்க வேண்டாம். அந்த விவரம் தேவைப்படும் காட்சி வந்தும் பேசப்படவில்லை என்றால், அது மறுக்கப்பட்டதற்குப் பக்கத்தில் நிற்கிறது. என் சோதனையில் ஐந்தாம் பகுதியின் மௌனம்தான் ஆறாம் பகுதியின் பத்து விரல்களுக்கு முன்னறிவிப்பாக இருந்தது.

மறுக்கப்பட்டவற்றைக் கோப்பில் தேடிப் பாருங்கள். தமிழில் தேடும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். “முருகன்” என்று புள்ளியோடு தேடினால் முருகனை, முருகனுக்கு, முருகனோடு எல்லாம் விட்டுப்போகும். புள்ளி இல்லாமல் “முருகன” என்று தேடினால் பெரும்பாலான செயலிகளில் எல்லா வடிவங்களும் அகப்படும். “மரம்” என்ற சொல்லையும் “மர” என்றே தேட வேண்டும், இல்லாவிட்டால் மரத்தை, மரத்தடி எல்லாம் கண்ணில் படாது. தேடிக் கிடைத்த இடங்களைப் பக்க வரிசையில் எழுதினால், முரண் தீவாகக் கிடக்கிறதா, ஒரே இடத்தில் திரும்பி நிலைத்துவிட்டதா என்பது தாளிலேயே தெரியும்.

2,000 சொற்களுக்குக் குறைவான கதையில் இந்த வேலையில் இறங்க வேண்டாம். இன்றைய மாதிரிகளுக்கு அந்த நீளத்தில் மறப்பதற்கு இடம் மிகக் குறைவு.

இதற்கென்று கண்டறியும் மென்பொருள்கள் இருக்கும்போது இவ்வளவு பாடு எதற்கு?

அவை பார்ப்பது வேறு. பெரும்பாலான மென்பொருள்கள் சொற்தேர்வின் புள்ளிவிவரச் சாயலைப் பார்க்கின்றன; சித்தி அத்தையானது அவற்றின் கண்ணில் படாது. 2020-இல் வந்த ஓர் ஆய்வு இந்த வேறுபாட்டைத் தெளிவாகச் சொன்னது: மனிதர்கள் பிடிப்பது முரண் போன்ற பொருள் பிழைகளை, கருவிகள் பிடிப்பது சொற்பரவலின் ஒழுங்கின்மையை. கருவிகளை நம்பிப் பழி சொல்வதிலும் ஆபத்து இருக்கிறது. ஓப்பன்ஏஐ 2023 ஜனவரியில் வெளியிட்ட கண்டறியும் கருவி, அந்த நிறுவனத்தின் சொந்தக் கணக்குப்படியே, இயந்திரம் எழுதியதில் 26 விழுக்காட்டை மட்டுமே பிடித்தது. மனிதர் எழுதியதில் 9 விழுக்காட்டை இயந்திரம் எழுதியது என்று தவறாகச் சொன்னது. துல்லியம் போதவில்லை என்று அதே ஆண்டு ஜூலையில் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள்.

புதிய மாதிரிகள் ஒரு நாவல் முழுவதையும் பார்க்கின்றனவாமே. இனி இந்தத் தடயம் பயன்படுமா?

முன்பைவிடக் குறைவாகத்தான் பயன்படும். 2024-இல் அறிமுகமான ஜெமினி 1.5 போன்ற மாதிரிகளே பத்து லட்சம் டோக்கன் வரை பார்த்தன, குறுநாவல் அதற்குள் எளிதாக அடங்கிவிடும். வானொலி பாடுவது போன்ற வெளிப்படையான முரண்கள் இன்று குறைந்துவிட்டதை நானே பார்க்கிறேன். ஆனால் கதையை இப்படித் தயாரிக்கிறவர்கள் பலர் எல்லாவற்றையும் ஒரே உரையாடலில் செய்வதில்லை. நாளுக்கு ஒரு பகுதியாக, புதிய உரையாடலில், “இதுவரை நடந்த கதை” என்று ஐந்து வரிச் சுருக்கத்தைக் கொடுத்து அடுத்ததைக் கேட்கிறார்கள். சுருக்கத்தில் ஏறாத விவரம் மாதிரிக்குத் தெரியவே தெரியாது, அது ஒரே நேரத்தில் பார்க்கும் எல்லை எத்தனை பெரிதாக இருந்தாலும். சுருக்கத்தில் சம்பவங்கள் ஏறும், விரல்கள் ஏறாது. ஆகவே முரண்கள் பகுதி மாறும் இடங்களில், அத்தியாயத் தொடக்கங்களில் கொத்தாக வருகின்றனவா என்று இப்போது கூடுதலாகப் பார்க்கிறேன்.

முரண் ஒன்றுகூட இல்லாத கதை மனிதர் எழுதியது என்றும் முடிவுகட்ட முடியாது. பொறுமையாக உட்கார்ந்து பிழைகளைத் திருத்திவிட்ட ஒருவரிடம் இந்தத் தடயம் ஒன்றும் சொல்லாது.

எல்லாம் பார்த்தாகிவிட்டது, சந்தேகம் தீரவில்லை. எழுதியவரிடம் எப்படிக் கேட்பது?

“இதை நீங்களா எழுதினீர்கள்?” என்று தொடங்காதீர்கள். உண்மையாக எழுதியவரை அந்தக் கேள்வி ஆழமாகக் காயப்படுத்தும். எழுதாதவர் “ஆமாம்” என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். மறந்துபோன விவரத்தைப் பற்றியே கேளுங்கள். அந்த வானொலி எப்போது பழுதானது, அதை யார் பழுது பார்த்தார்கள் என்று கேட்டால் போதும். எழுதியவருக்குக் கதையில் இருப்பதைவிடக் கூடுதலாகத் தெரிந்திருக்கும், பெரும்பாலும் அதைச் சொல்ல ஆசையும் இருக்கும்.

சென்ற முறை ஓர் இளம்பெண்ணின் படியில் இரண்டாம் அத்தியாயத்தில் ஊர்க் கிணற்றைப் பற்றி நான்கு பக்கம் வந்தது; கடைசி அத்தியாயத்தில் அதே இடத்தில் பிள்ளைகள் பந்து விளையாடினார்கள், கிணற்றைப் பற்றிப் பேச்சே இல்லை. நடை வழுக்கிக்கொண்டு ஓடியது. வித்தியாசமான விவரம் காணாமல் போய், எந்த ஊருக்கும் பொருந்தும் மைதானம் வந்திருந்தது. நான் கிட்டத்தட்ட முடிவுக்கு வந்துவிட்டேன். கிணறு என்னம்மா ஆனது என்று தொலைபேசியில் கேட்டேன். “மூடிட்டாங்க சார். அது அஞ்சாம் அத்தியாயம். போட்டிக்கு எட்டாயிரம் வார்த்தைதான்னு போட்டிருந்தீங்க, அதான் எடுத்துட்டேன்” என்றார். அன்று இரவே பன்னிரண்டாயிரம் சொற்கள் கொண்ட மூலக்கோப்பை அனுப்பினார். கிணற்றில் மூன்று டிராக்டர் மண் கொட்டி மூடிய அந்த அத்தியாயம் அதில் இருந்தது.